கறித்தூளை மாற்றினால் யாருக்காவது தெரியுமா? முக்கோணச் சோதனை, வரிசைப்படுத்தல், விருப்ப அளவுகோல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் வீட்டோடு சேர்ந்த சிறு தொழிலாகக் கறித்தூள், வடகம், பழரசம் செய்து விற்பவர்கள் பலர் என்னிடம் சுவைச் சோதனை பற்றிக் கேட்பார்கள். உணவியல் படிக்கும் மாணவர்களும் கேட்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்: எந்தச் சோதனையை எடுப்பது? எல்லாப் பொருளையும் தொட்டுப் பேசினால் ஒன்றும் தெளியாது. அதனால் கறித்தூள் ஒன்றையே கடைசிவரை எடுத்துக்கொள்கிறேன். காரமும் எண்ணெயும் நிறமும் சேர்ந்த பொருள் அது. சோதனை பிழைக்கக்கூடிய எல்லா இடத்திலும் அது பிழைக்கும்.

மிஸ், எங்கட கறித்தூளுக்கு எந்தச் சோதனை நல்லது?

தூளைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. முடிவு கையில் கிடைத்ததும் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள், சோதனை தானாக வந்துவிடும்.

கோண்டாவிலில் தூள் செய்து விற்கும் ஓர் அக்கா ஒருநாள் தொலைபேசியில் ஒரே மூச்சில் மூன்று விடயம் கேட்டார். செத்தல் மிளகாய் விலை ஏறிவிட்டது, வேறு இடத்து மிளகாய் போட்டால் வாங்குகிறவர்களுக்குத் தெரியுமா? மல்லியை நான்கு விதமாக வறுத்துப் பார்த்தேன், எதில் வறுத்த வாசம் தூக்கலாக இருக்கிறது? வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கென்று உறைப்புக் குறைத்து ஒரு தூள் செய்தேன், அது அவர்களுக்குப் பிடிக்குமா?

மூன்றும் ஒரே தூளைப் பற்றியவை. ஆனால் முதலாவது ‘தெரியுமா’ என்ற கேள்வி, அதற்கு முக்கோணச் சோதனை. இரண்டாவது ‘எதில் கூட’ என்ற கேள்வி, அதற்கு வரிசைப்படுத்தல். மூன்றாவது ‘எவ்வளவு பிடிக்கும்’ என்ற கேள்வி, அதற்கு விருப்ப அளவுகோல். ஹெடோனிக் ஸ்கேல் என்று புத்தகங்களில் வருவது இதுதான். ஒன்றின் வேலையை இன்னொன்றிடம் கொடுத்தால் எண்கள் வரும், அட்டவணையும் வரும். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் வராது.

மிளகாய் வாங்கும் இடத்தை மாற்றினோம். எட்டுப் பேருக்குக் கொடுத்து ‘பிடிச்சிருக்கா’ என்று கேட்டோம், எல்லாரும் நல்லம் என்றார்கள். போதாதா?

போதாது. நீங்கள் அறிய விரும்பியது வித்தியாசம் தெரிகிறதா என்பது. கேட்டது பிடிக்கிறதா என்று. பழைய தூளில் இருந்து மிகவும் விலகிய ஒன்றைக்கூட ஒருவர் ‘நல்லம்’ என்று சொல்லலாம். அதே ஆள் அடுத்த மாதம் கடையில் வாங்கிக் கறி வைத்துவிட்டு, ‘இது முந்தின தூள் இல்லையே’ என்று சொல்வார். உங்களுக்குப் பயம் அந்த வசனத்தைப் பற்றித்தான், ஆகவே அதைத்தான் சோதிக்க வேண்டும்.

முக்கோணச் சோதனையில் ஒருவருக்கு மூன்று கிண்ணம் கொடுப்போம். இரண்டில் ஒரே தூள், ஒன்றில் மற்றது. ‘இதில் வேறுபட்டது எது?’ என்பதே ஒரே கேள்வி. எப்படி வேறுபடுகிறது என்று அவர் சொல்லத் தேவையில்லை. முக்கோணத்தின் பலமே அதுதான். மிளகாயை மாற்றும்போது மாறுவது உறைப்பா, நிறமா, வாசமா என்று உங்களுக்கே தெரியாது. தெரியாத வித்தியாசத்தைத் தேட இது ஏற்ற வழி.

தெரியாவிட்டாலும் ஒன்றைக் காட்டியே ஆக வேண்டும் என்பது விதி. ‘ஒன்றும் விளங்கவில்லை’ என்ற பதிலை ஏற்கக் கூடாது. குருட்டாம்போக்கில் காட்டினால் மூன்றில் ஒருவர் சரியாகக் காட்டிவிடுவார், கணக்கு முழுவதும் அந்த மூன்றில் ஒன்றின் மேல்தான் நிற்கிறது. பதில் சொல்லாமல் நான்கு பேர் விலகினால் அந்த அடித்தளம் போய்விடும்.

கறித்தூளை வைத்து முக்கோணச் சோதனையை நடைமுறையில் எப்படிச் செய்வது? வெறும் தூளை நாக்கில் வைக்க முடியாதே.

வைக்கவும் கூடாது. தூள் எண்ணெயிலும் சூட்டிலும்தான் தன் குணத்தைக் காட்டும். அதே நேரம் மீன் குழம்பு, கத்தரிக்காய்க் கறி என்று போனால் ஒரு கிண்ணத்தில் பெரிய துண்டு, இன்னொன்றில் சின்னத் துண்டு என்று வேறு வித்தியாசங்கள் புகுந்துவிடும். நான் வெறும் குழம்பைத்தான் எடுப்பேன். 500 மில்லிலீற்றர் தேங்காய்ப்பால், 500 மில்லிலீற்றர் தண்ணீர், 15 கிராம் தூள், 6 கிராம் உப்பு. கொதி வந்து 10 நிமிடம் மெல்லிய நெருப்பில் வைத்து, துணியில் வடித்து, சூடு தாங்கும் ஃபிளாஸ்கில் ஊற்றி வைப்பேன். இரண்டு தூளுக்கும் ஒரே தேங்காய்ப்பாலைப் பிழிந்து ஒன்றாகக் கலந்துவிட்டு இரண்டாகப் பிரிக்க வேண்டும். தேங்காய்க்குத் தேங்காய் பால் மாறும்.

24 பேர் என்று வைத்துக்கொள்வோம். பழையதை A, புதியதை B என்றால் கிண்ணங்களை அடுக்க ஆறு ஒழுங்குகள் உண்டு: ABB, BAB, BBA, AAB, ABA, BAA. ஒவ்வொரு ஒழுங்கும் நான்கு பேருக்கு. அப்படிச் செய்தால் A-யும் B-யும் 36 கிண்ணங்கள் வீதம் வரும். கிண்ணத்துக்கு 20 மில்லிலீற்றர் என்றால் ஒவ்வொன்றிலும் 720 மில்லிலீற்றர் போதும், ஒரு லீற்றர் வைத்தால் கொஞ்சம் மிஞ்சும். ஏன் இந்த ஒழுங்கு முக்கியம்? மூன்று கிண்ணம் வைத்தால் சிலர் எப்போதும் நடுவில் இருப்பதைச் சந்தேகிப்பார்கள். வேறுபட்ட கிண்ணம் எல்லா இடத்திலும் சம தடவை இருந்தால் அந்தப் பழக்கம் யாருக்கும் சாதகமாகாது.

கிண்ணத்தில் A, B என்று எழுதாதீர்கள். 1, 2, 3 என்றும் எழுதாதீர்கள், 1 என்றால் சிறந்தது என்ற எண்ணம் வந்துவிடும். 427, 863, 195 போல ஒழுங்கில்லாத மூன்று இலக்க எண்களைப் பென்சிலால் எழுதிய சின்னக் கடதாசியில் ஒட்டுங்கள். மார்க்கர் பேனையின் மணமே கறித்தூள் வாசத்தை அடிக்கும்.

நிறம் இன்னொரு பிரச்சினை. புதிய மிளகாய் கொஞ்சம் சிவப்புக் கூட என்றால், ஆட்கள் வாய்க்குள் வைக்க முன்னமே கண்ணால் கண்டுபிடித்துவிடுவார்கள். வாங்குகிறவரும் நிறத்தைப் பார்ப்பாரே, அதுவும் வித்தியாசம்தானே என்று நினைத்தால் வெளிச்சத்தை அப்படியே விடுங்கள். சுவையும் வாசமும் மட்டும்தான் கேள்வி என்றால் அறையை மறைத்து, சிவப்புக் குமிழ் போட்டு, மூடியுள்ள கிண்ணத்தில் கொடுங்கள். இரண்டில் எது என்பதைச் சோதனைக்கு முதலே முடிவு செய்ய வேண்டும்.

உறைப்புக்கு வருவோம். மிளகாயின் உறைப்புப் பொருள் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். அதனால் தண்ணீர் குடித்து வாயைக் கொப்பளித்தால் முதல் கிண்ணத்தின் எரிவு இரண்டாவதற்கும் வரும். மூன்றாவது கிண்ணத்தில் நாக்கு மரத்துப்போயிருக்கும். கிண்ணத்துக்குக் கிண்ணம் ஒரு வாய் வெறும் சோறும் ஒரு மிடறு பாலும் கொடுங்கள், இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். ஒருவருக்கு ஒரு அமர்வில் ஒரே ஒரு முக்கோணம். ‘நல்லா செய்யிறார், இன்னொண்டும் குடுப்பம்’ என்ற ஆசை வேண்டாம். இரண்டாவது தடவை அவர் சுவைப்பது தூளை அல்ல, முதல் தடவையின் எரிவை.

24 பேரில் எத்தனை பேர் சரியாகச் சொன்னால் வித்தியாசம் இருக்கிறது என்று சொல்லலாம்?

13 பேர். வித்தியாசமே இல்லாவிட்டாலும் சராசரியாக 8 பேர் குருட்டாம்போக்கில் சரியாகக் காட்டுவார்கள், அதிர்ஷ்டம் இருந்தால் 10, 11 கூட வரும். 12 பேரோ அதற்கு மேலோ அதிர்ஷ்டத்தால் மட்டும் வரும் வாய்ப்பு 0.068. 13 பேரோ அதற்கு மேலோ வரும் வாய்ப்பு 0.028. 0.05-க்குக் கீழே போனால்தான் வித்தியாசம் உண்டு என்று சொல்வது வழக்கம், அதனால் எல்லை 13. எக்செலில் இதை ஒரு வரியில் பார்க்கலாம்:

```
=1-BINOM.DIST(12,24,1/3,TRUE)
```

இதில் 12 என்பது நீங்கள் பார்க்கும் எண்ணிக்கையில் ஒன்று குறைவு. 13 பேருக்கான வாய்ப்பைக் கேட்க 12 போட வேண்டும். மாணவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது, 13 என்றே போட்டுவிட்டு 14 பேருக்கான விடையை எழுதிவிடுவார்கள். ஆட்தொகை மாறினால் எல்லையும் மாறும்: 12 பேரில் 8, 18 பேரில் 10, 30 பேரில் 15, 36 பேரில் 18.

எங்களுக்கு 24 பேரில் 11 பேர்தான் சரியாகச் சொன்னார்கள். 13 வரவில்லை. அப்போ இரண்டும் ஒன்றுதானே, மிளகாயை மாற்றலாம்தானே?

இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் காசு இழக்கும் இடம் இதுதான்.

வித்தியாசத்தை நிரூபிக்க முடியவில்லை என்பது ஒன்று. வித்தியாசம் இல்லை என்று நிரூபித்துவிட்டோம் என்பது வேறொன்று. கொஞ்சப் பேரை வைத்துச் செய்த சோதனையில் உண்மையான வித்தியாசம்கூட எளிதாகத் தப்பிவிடும். நீங்கள் மிளகாயை மாற்ற விரும்புகிறவர், வித்தியாசம் தெரியக் கூடாது என்று மனதுக்குள் எதிர்பார்க்கிறவர். அப்படியானவருக்குச் சின்னச் சோதனை எப்போதும் இனிப்பான பதில்தான் தரும். ஆறு பேரை வைத்துச் செய்தால் ஐந்து பேர் சரியாகச் சொன்னாலன்றி எதுவும் பிடிபடாது.

சரி, 11 பேர் என்ற முடிவை வேறு விதமாகப் பார்ப்போம். சரியாகச் சொன்னவர்களில் சிலர் உண்மையிலேயே கண்டுபிடித்தவர்கள், மிச்சப்பேர் அதிர்ஷ்டத்தால் சொன்னவர்கள். உண்மையிலேயே கண்டுபிடிக்கக்கூடியவர்களின் பங்கை இப்படிக் கணிக்கலாம். x சரியாகச் சொன்னவர்கள், n மொத்தம், pd அந்தப் பங்கு, limit அதன் மேல் எல்லை:

```
pd    = 1.5*(x/n) - 0.5
limit = pd + 1.5*1.645*sqrt((n*x - x^2)/n^3)
```

11-ஐயும் 24-ஐயும் போட்டால் pd 0.19 வரும். limit 0.44 வரும். அதாவது இந்தச் சோதனையின் சாட்சியத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், உங்கள் வாடிக்கையாளர்களில் 100-க்கு 44 பேர் வரைக்கும் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கக்கூடியவர்களாக இருக்கலாம். அப்படி இருக்காது என்று 95 வீத நம்பிக்கையோடு மறுக்க இந்த 24 பேர் போதவில்லை. 44 வீதம் என்றால் ஏறக்குறைய இரண்டு வீட்டுக்கு ஒரு வீடு. அந்த எண்ணை வைத்துக்கொண்டு 50 கிலோ மிளகாய் வாங்குவீர்களா?

இரண்டும் ஒன்று என்று காட்டுவதுதான் நோக்கம் என்றால் முதலில் உட்கார்ந்து ஒரு எண்ணை முடிவு செய்ய வேண்டும்: எத்தனை வீதம் பேர் கண்டுபிடித்தால் பரவாயில்லை? 20 வீதம் என்று வைத்தால், 60 பேரை வைத்துச் செய்து, சரியாகச் சொன்னவர்கள் 21 அல்லது அதற்குக் குறைவாக இருக்க வேண்டும். 21 பேர் என்றால் limit 0.18. 22 பேர் ஆனதும் 20 வீதத்தை மட்டுமட்டாகத் தாண்டிவிடும். 60 பேருக்குக் குருட்டாம்போக்கின் பங்கே 20 என்பதைக் கவனியுங்கள், எல்லை எவ்வளவு நெருக்கமானது என்று புரியும். 24 பேரை வைத்து இந்த 20 வீதத்தை எட்ட நினைத்தால், குருட்டாம்போக்கின் 8 பேர் மட்டும் சரியாகச் சொன்னாலும் limit 0.24-இல் நிற்கும். அந்த 24 பேர் எவ்வளவு கவனமாகச் சுவைத்தாலும் இதை மாற்ற முடியாது, ஆட்தொகைதான் போதாது.

24 பேரில் 19 பேர் சரி! ஆனால் வீட்டில் நாங்கள் சுவைத்தால் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. எப்படி?

எனக்கும் இதே 19 ஒருமுறை வந்தது. தூளைக் குறை சொல்லிக்கொண்டு இரண்டு நாள் இருந்தேன். பிறகு மிச்சமிருந்த குழம்பை இரண்டு வெள்ளைக் கோப்பையில் ஊற்றிச் சரித்துப் பார்த்தபோது ஒன்று கோப்பைச் சுவரில் படிந்து மெதுவாக இறங்கியது, மற்றது தண்ணீர் போல ஓடியது. ஒரு பானை அகலமானது, மற்றது குறுகியது. அகலப் பானையில் தண்ணீர் அதிகம் வற்றி உப்பும் உறைப்பும் கூடிவிட்டன. 24 பேரும் தூளைச் சுவைக்கவில்லை, என் பானையைச் சுவைத்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு இரண்டு காரியம் விடாமல் செய்கிறேன். ஒன்று, ஒரே அளவுப் பானை எடுத்து, அடுப்பிலிருந்து இறக்கியதும் தராசில் வைத்துச் சுடுதண்ணீர் விட்டு இரண்டையும் சரியாக ஒரே நிறைக்குக் கொண்டுவருவது. இரண்டு, வெள்ளோட்டமாக A-யை A-யோடு சோதிப்பது. ஒரே தூளை இரண்டு பானையில் வைத்து, இரண்டு வேறு தூள் போலவே கிண்ணங்களை அடுக்கி 12 பேருக்குக் கொடுங்கள். 4 பேர் அளவில் சரியாகச் சொன்னால் உங்கள் அடுப்படி சுத்தம். 8 பேர் சொன்னால் பானை, சூடு, கிண்ணம், ஊற்றும் ஒழுங்கு என்று ஏதோ ஒன்று கதை சொல்லிக்கொண்டிருக்கிறது. கடைசியாக ஊற்றிய கிண்ணம் மட்டும் சூடாக இருப்பது அடிக்கடி நடக்கும்.

முக்கோணம் முடிந்ததும் அதே ஆட்களிடம் எது பிடித்தது என்றும் கேட்கலாமா? எப்படியும் வந்திருக்கிறார்களே.

வேண்டாம். ‘ஒன்று வேறுபட்டது’ என்று தேடிக்கொண்டிருந்த மனம் அந்த வேறுபட்டதைப் பிழையானது என்றே பார்க்கும். தவறாகக் காட்டியவர் வேறு ஒன்றைப் பற்றித் தன் விருப்பத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார். தவிர, சோதனைக்குச் சுவை கூர்மையானவர்களைத் தெரிந்து கூப்பிட்டிருப்பீர்கள், விருப்பம் கேட்க வேண்டியது சாதாரணமாக வாங்கிச் சமைப்பவர்களிடம்.

மல்லியை இளவறுவலில் இருந்து கடும்வறுவல் வரை நான்கு விதமாக வறுத்திருக்கிறோம். எதில் வறுத்த வாசம் கூட என்று அறிய ஆட்களைப் புள்ளி போடச் சொல்வதா, வரிசைப்படுத்தச் சொல்வதா?

வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். புள்ளி போடுவதற்கு ஆட்களைப் பயிற்ற வேண்டும். ஒருவரின் 7 இன்னொருவரின் 5 ஆக இருக்கும். ‘குறைவில் இருந்து கூட’ என்று அடுக்குவதற்கு அப்படிப் பயிற்சி தேவையில்லை, சந்தையில் மாம்பழம் தெரிவு செய்கிற எவராலும் முடியும். இன்னொரு நல்ல விடயம், கேட்பது வாசத்தைப் பற்றி என்பதால் நாக்கைத் தொடவே தேவையில்லை. ஒவ்வொரு தூளிலும் ஒரு தேக்கரண்டி எடுத்து மூடியுள்ள கிண்ணத்தில் போட்டு, திறந்து மணந்து மூடச் சொல்லலாம். உறைப்புப் பிரச்சினை இல்லை. ஆனால் நான்கைந்துக்கு மேல் வைத்தால் மூக்கு களைத்துவிடும். இரண்டு கிண்ணத்துக்கு இடையில் அரை நிமிடம் விடுங்கள். சமநிலை அனுமதிக்காதீர்கள், ஒன்றை முன்னே ஒன்றைப் பின்னே வைத்தே ஆக வேண்டும்.

கேள்வி ஒரு குணத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும். ‘எது நல்ல வாசம்?’ என்று கேட்டால் ஒருவர் வறுவலையும் இன்னொருவர் பெருஞ்சீரகத்தையும் வைத்து அடுக்குவார். ‘வறுத்த மல்லி வாசம் எதில் கூட?’ என்று கேட்டு, வறுத்த மல்லியை மட்டும் ஒரு கிண்ணத்தில் முதலில் மணக்கக் கொடுங்கள்.

அந்த அக்காவின் நான்கு வறுவல் போல ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். 30 பேர், குறைந்த வாசத்துக்கு 1, கூடியதற்கு 4. எல்லாரும் கொடுத்த இடங்களைக் கூட்டினால் இளவறுவல் 58, அடுத்தது 69, அதற்கடுத்தது 76, கடும்வறுவல் 97. மொத்தம் 300 வர வேண்டும், வராவிட்டால் யாரோ சமநிலை எழுதியிருக்கிறார் அல்லது நீங்கள் பிழையாகப் பதிந்திருக்கிறீர்கள். இதற்குப் பயன்படுவது ஃப்ரீட்மன் சோதனை. J ஆட்கள், P மாதிரிகள், R ஒவ்வொரு மாதிரியின் கூட்டுத்தொகை:

```
F   = 12/(J*P*(P+1)) * sum(R^2) - 3*J*(P+1)
LSD = 1.96*sqrt(J*P*(P+1)/6)
```

கூட்டுத்தொகைகளின் வர்க்கங்களைக் கூட்டினால் 23310. F = 0.02 × 23310 − 450 = 16.2. நான்கு மாதிரிக்கு எல்லை 7.81, ஆகவே எங்கோ வித்தியாசம் இருக்கிறது. எங்கே என்பதை LSD சொல்லும். இரண்டு கூட்டுத்தொகைகள் வேறு என்று சொல்ல அவற்றுக்கிடையே இருக்க வேண்டிய மிகக் குறைந்த இடைவெளி அது, இங்கே 19.6. கடும்வறுவலுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 21, எல்லையைத் தாண்டுகிறது. மற்ற மூன்றுக்குள் அதிகபட்ச இடைவெளி 76-க்கும் 58-க்கும் இடையில் 18, தாண்டவில்லை. கடும்வறுவல் மட்டும் தனியாக நிற்கிறது, மற்ற மூன்றையும் இந்த 30 மூக்குகளால் பிரிக்க முடியவில்லை. எண்கள் 58, 69, 76 என்று அழகாக ஏறுவதைப் பார்த்து ‘வறுக்க வறுக்க வாசம் கூடுகிறது’ என்று எழுதிவிடாதீர்கள். முக்கோணத்தில் சொன்னதுதான் இங்கும்: பிரிக்க முடியவில்லை என்றால் மூன்றும் ஒன்று என்று ஆகாது.

அப்புறம், 97-க்கும் 76-க்கும் இடையிலான 21-ஐ வாசத்தின் அளவாக வாசிக்காதீர்கள். கடும்வறுவலின் வாசம் ஒரு மடங்கு கூடவா, மூன்று மடங்கு கூடவா என்பது வரிசையில் பதியாது. நூலிழையில் முந்தினாலும் நான்காம் இடம்தான், வெகுதூரம் முந்தினாலும் நான்காம் இடம்தான்.

விருப்பத்தையும் வரிசைப்படுத்திக் கேட்டோம். ஒன்று தெளிவாக முதலாவதாக வந்தது. அதை விற்கத் தொடங்கலாமா?

நான்கும் பிடிக்காதவையாக இருந்தாலும் ஒன்று முதலாவதாக வரத்தான் செய்யும். வரிசைப்படுத்தல் உங்கள் நான்கையும் ஒன்றோடொன்று மட்டும்தான் ஒப்பிட்டது. கடையில் அது அந்த நான்கோடு போட்டியிடப் போவதில்லை. பத்து மாதிரியில் இருந்து இரண்டை எடுக்க வேண்டும் என்ற ஆரம்பக் கட்டத்தில் விருப்ப வரிசை நல்ல கருவி. விற்பதா வேண்டாமா என்ற கட்டத்தில் அளவுகோல்தான் வேண்டும்.

விருப்ப அளவுகோல் என்றால் ஒன்பது புள்ளிதானே? யாரிடம், எப்படிக் கேட்பது?

ஒன்பதுதான். 1940-களின் கடைசியில் அமெரிக்க இராணுவத்தின் உணவு ஆய்வுக்கூடத்தில், படைவீரர்களுக்கு எந்த உணவு பிடிக்கிறது என்று அறிய உருவாக்கியது. அதன் உயிர் எண்களில் இல்லை, சொற்களில் இருக்கிறது. ‘1 முதல் 9 வரை போடுங்கள்’ என்று கேட்டால் எங்கள் ஆட்கள் பள்ளிக்கூடப் புள்ளி போல நினைத்துக்கொண்டு இரக்கப்பட்டுப் போடுவார்கள். படிவத்தில் சொற்களை எழுதுங்கள்: மிகமிகப் பிடிக்கும், மிகவும் பிடிக்கும், ஓரளவு பிடிக்கும், சற்றுப் பிடிக்கும், பிடிக்கும் என்றும் இல்லை பிடிக்காது என்றும் இல்லை, பிறகு அதேபடி பிடிக்காத பக்கத்துக்கு நான்கு. எண்ணை நீங்கள் பின்னர் போட்டுக்கொள்ளலாம்.

ஆட்கள், அந்தப் பொருளைச் சாப்பிடப் போகிறவர்களாக இருக்க வேண்டும். உறைப்புக் குறைத்த தூளைக் கோண்டாவிலில் கேட்டால் ‘இதில என்ன இருக்கு, உறைப்பே இல்லை’ என்று 4 போடுவார்கள். அது உண்மையான பதில், ஆனால் பிழையான ஆளின் பதில். அந்த அக்காவுக்கு நான் சொன்னது, ரொறன்ரோவிலும் லண்டனிலும் உள்ள உறவினர் வீடுகளுக்குப் பொதி அனுப்பிப் பிள்ளைகளிடம் கேளுங்கள், அல்லது விடுமுறைக்கு நல்லூர்த் திருவிழா நேரம் வருகிறவர்களின் பிள்ளைகளைப் பிடியுங்கள் என்று. சின்னப் பிள்ளைகளுக்கு ஒன்பது சொற்கள் வேண்டாம், சிரித்த முகம் முதல் அழுத முகம் வரை வரைந்த ஐந்து முகங்கள் போதும். தொகை 60-க்குக் குறையாமல் பாருங்கள்.

நம்மூரில் கூடுதலாக ஒன்று உண்டு. செய்தவரின் முகத்துக்கு நேரே ‘பிடிக்கவில்லை’ என்று சொல்ல மாட்டார்கள். செய்தவர் அறையில் நின்றால் எல்லாத் தூளும் 8 வாங்கும். படிவத்தைப் பெயரில்லாமல் எழுதச் சொல்லுங்கள், முன்பின் தெரியாத ஒருவர் நடத்தட்டும், நீங்கள் அடுப்படியிலேயே இருங்கள். கொடுக்கும்போது ஒவ்வொன்றாகக் கொடுங்கள், பாதிப்பேருக்குப் பழையது முதலில், பாதிப்பேருக்குப் புதியது முதலில். முதலில் வருவதற்குப் பசியின் புள்ளியும் சேர்ந்து விழும்.

60 பேர். பழைய தூளின் சராசரி 6.5, புதியது 6.9. புதியது வென்றதா?

இரண்டு சராசரியைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. ஒரே ஆள் இரண்டையும் சுவைத்ததால் ஒவ்வொருவரின் வித்தியாசத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வித்தியாசங்களின் சராசரி 0.4. அவற்றின் நியம விலகல் 1.8 என்று வைத்தால், t = 0.4 ÷ (1.8 ÷ √60) = 1.72. 60 பேருக்கு எல்லை ஏறக்குறைய 2.00. ஆகவே வென்றது என்று சொல்ல இது போதாது.

அதைவிட முக்கியமானது, படிவங்களை மேசையில் பரப்பிப் பாருங்கள். 6.5 என்ற சராசரி எல்லாரும் 6, 7 போட்டதால் வந்திருக்கலாம். 30 பேர் 8, 30 பேர் 5 போட்டாலும் அதே 6.5 தான். இரண்டாவது விதமாக வந்திருந்தால் உங்களிடம் ஒரு சந்தை இல்லை, இரண்டு சந்தை இருக்கிறது. 8 போட்டவர்கள் யார், வயது என்ன, வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்று பிரித்துப் பாருங்கள். உறைப்பு விடயத்தில் இந்தப் பிளவை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். சராசரியை நம்பி நடுவாந்தரமாக உறைப்பு வைத்தவர்கள் இரண்டு பக்கத்தையும் இழந்தார்கள்.

எங்களிடம் சுவைக்க 10 பேர்தான் இருக்கிறார்கள். எதைச் செய்யலாம்?

விருப்ப அளவுகோலை விடுங்கள், அந்தப் பத்துப் பேரின் விருப்பம் பத்துப் பேரின் விருப்பம் மட்டும்தான். வரிசைப்படுத்தல் செய்யலாம், நான்கு மாதிரிக்கு LSD 11.3 வரும். கூட்டுத்தொகை 10 முதல் 40 வரை போகக்கூடியதால் பெரிய வித்தியாசங்கள் பிடிபடும். முக்கோணமும் செய்யலாம், 7 பேர் சரியாகச் சொன்னால் வித்தியாசம் உண்டு என்று எழுதலாம். 6 வந்தால் முடிவு ஒன்றும் எழுதாதீர்கள். மிளகாயை மாற்றுவதைத் தள்ளிவைத்து, அடுத்த ஞாயிறு கோயிலில் அன்னதானத்துக்கு வருகிறவர்களில் இன்னும் 50 பேரைக் கேட்க முடியுமா என்று பாருங்கள். சாப்பிட்டு முடித்த வாயோடு வேண்டாம், பந்திக்கு முன்னால்.